பழைய கேஸ், ஆறு வாரம் ஜெயில்: பதிவு போய்விட்டதா, வேலைப் படிவத்தில் என்ன எழுதுவது?

சுமதி_யீஷூன்
தம்பிக்காகக் கேட்கிறேன். 2018-இல் காப்பிக்கடையில் கைகலப்பு. பீனல் கோடு 323, காயம் விளைவித்தது என்று சார்ஜ். ஜூன் 11 தீர்ப்பு, ஆறு வாரம் ஜெயில். ஜூலை 9 வெளியே வந்தான். இன்னொரு சின்ன சார்ஜும் இருந்தது. அதை "டிஐசி" என்று சேர்த்துக்கொண்டார்கள், தனித் தண்டனை இல்லை. அதற்குப் பிறகு எந்த வம்பும் கிடையாது. 2021-இல் பார்க்கிங் சம்மன் ஒன்று வந்தது, கட்டிவிட்டான்.

இப்போது ஒரு கிடங்கு வேலைக்குப் படிவம் நிரப்புகிறான். "குற்றப்பதிவு உண்டா?" என்று கேட்கிறார்கள். 1,500 வெள்ளி கொடுத்தால் பதிவை அழித்துத் தருகிறேன் என்று ஒருவர் சொல்கிறார். கொடுக்கலாமா?

ரவி.என்
கொடுக்காதீர்கள். சிங்கப்பூரில் இது தானாக நடப்பது. ஜெயில் மூணு மாதத்துக்கு மேல் போகக் கூடாது, அபராதம் என்றால் 2,000 வெள்ளிக்கு மேல் போகக் கூடாது. ஐந்து வருஷம் சுத்தமாக இருந்தால் போதும். தீர்ப்புத் தேதியிலிருந்து எண்ணுங்கள், 2023 ஜூன் 11-இலேயே முடிந்துவிட்டது. ஆனால் உங்கள் தம்பிக்கு இரண்டு சார்ஜ். இரண்டு பதிவு இருந்தால் தானாகப் போகாது.

பழைய_குமாஸ்தா
ரவி, பாதி சரி. அபராதத்துக்குத்தான் தீர்ப்புத் தேதி. ஜெயிலுக்குப் போனவருக்கு வெளியே வந்த நாளிலிருந்து கணக்கு. ஆக இவருக்கு 2018 ஜூலை 9-இல் தொடங்கி, 2023 ஜூலையில் ஐந்து வருஷம் முடிகிறது. ஒரு மாத வித்தியாசம்தானே என்று தோன்றும். அந்த ஒரு மாதத்துக்குள் படிவத்தில் "இல்லை" என்று எழுதியிருந்தால் அது பொய்.

இதிலேயே இன்னொரு இடத்தில் பலர் தடுக்கி விழுகிறார்கள். நாலு வாரத்தில் விட்டுவிட்டார்களே, அப்படியானால் தண்டனை நாலு வாரம்தானே என்பார்கள். மூணு மாத வரம்புக்குப் பார்ப்பது நீதிபதி விதித்த தண்டனையை, உள்ளே இருந்த நாட்களை அல்ல. ஆறு வாரத்துக்கு இதனால் ஒன்றும் மாறவில்லை. நாலு மாதம் விதிக்கப்பட்டு, மூணு மாதத்துக்குள் வெளியே வந்தவருக்கு மாறும். அவர் வரம்பைத் தாண்டியவர்தான்.

டிஐசி விஷயத்துக்கு வருகிறேன். அந்தச் சார்ஜுக்கு அவரைக் குற்றவாளி என்று தீர்ப்பளிக்கவில்லை. முதல் சார்ஜுக்குத் தண்டனை விதிக்கும்போது அதையும் மனதில் வைத்துக்கொண்டார்கள், அவ்வளவுதான். அதனால் அதை இரண்டாவது தண்டனைப் பதிவாக எண்ணக் கூடாது. தீர்ப்பு நாளில் கையில் கொடுத்த தாள்களில் எந்தச் சார்ஜ் எப்படி முடிந்தது என்று இருக்கும். தேடி எடுத்து வையுங்கள்.

பார்க்கிங் சம்மனைக் கட்டி முடித்தது தண்டனையே இல்லை. ஐந்து வருஷம் அறுபடாது.

சுமதி_யீஷூன்
நன்றி அண்ணே. அப்படியானால் படிவத்தில் "இல்லை" என்று எழுதலாமா? எழுதினால் பொய் சொன்ன மாதிரி இருக்காதா?

பழைய_குமாஸ்தா
எழுதுவதற்கு முன்னால் ஒன்று பார்க்க வேண்டும். குற்றவாளிகள் பதிவுச் சட்டத்தில் மூன்றாவது அட்டவணை என்று ஒன்று உண்டு. பாலியல் வன்கொடுமை, கொள்ளை போன்ற கனமான குற்றங்கள் அதில் இருக்கும். தண்டனை எவ்வளவு சின்னதாக இருந்தாலும் அதில் இருப்பவை தானாகக் கழியாது. சட்டம் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. சார்ஜ் தாளில் உள்ள பிரிவு எண்ணை அந்த அட்டவணையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அடுத்து, 2018-க்கு முன்னால் ஏதாவது பதிவு உண்டா, ஒருமுறை ஏற்கெனவே கழிந்த பதிவு உண்டா என்று தம்பியிடமே கேளுங்கள். அக்காவுக்குத் தெரியாத பழசு சில பேருக்கு இருக்கும். அப்படி ஒன்று இருந்தால் இது தானாகக் கழிவதில் தடை வரும்.

இவை எல்லாம் சரியாக இருந்தால் பதிவு ஸ்பென்ட் ஆகிவிட்டது. அதன் பிறகு அவருக்கு அந்தத் தண்டனைப் பதிவு இல்லை என்றே சட்டம் கருதுகிறது. "குற்றப்பதிவு உண்டா?" என்றால் "இல்லை" என்பதே சட்டப்படி சரியான பதில். ஐயம் இருந்தால் கையெழுத்துப் போடும் முன் பதிவின் நிலையைப் போலீஸிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். தம்பிதான் கேட்க வேண்டும், நீங்கள் அல்ல.

கமலா_அக்கா
அரசாங்க வேலை என்றால் 2017-இலேயே விண்ணப்பத்தில் அந்தக் கட்டத்தை எடுத்துவிட்டார்கள். தனியார் படிவத்தில்தான் இன்னும் வருகிறது. இன்னொன்று, பதிவு "அழிகிறது" என்று சொல்லாதீர்கள். போலீஸிடம் அது இருக்கும். நாளைக்கு இன்னொரு கேஸில் மாட்டினால் தண்டனை விதிக்கும்போது கோர்ட் பழசையும் பார்க்கும். கூகுளில் வரும் பழைய செய்தியும் அப்படியேதான் இருக்கும். பேர் வந்திருக்கிறதா என்று தேடிப் பாருங்கள், வேலை கொடுப்பவர்களும் தேடுவார்கள்.

முருகன்_உட்லண்ட்ஸ்
எனக்கும் இதே கேள்வி. குடித்துவிட்டு வண்டி ஓட்டிய கேஸ், 3,500 வெள்ளி அபராதம், லைசன்ஸும் போச்சு. எட்டு வருஷமாகத் தப்பு எதுவும் இல்லை. எனக்கும் போயிருக்கும்தானே?

ரவி.என்
போயிருக்கும். எட்டு வருஷம் ஆச்சே.

பழைய_குமாஸ்தா
இல்லை. 2,000-ஐத் தாண்டிய அபராதம். எட்டு வருஷம் ஆனாலும் பதினெட்டு வருஷம் ஆனாலும் தானாகக் கழியாது. முருகன், படிவத்தில் "இல்லை" என்று போடாதீர்கள். தானாகக் கழியாதவர்கள் போலீஸ் கமிஷனருக்கு எழுதிக் கேட்கிறார்கள். முடிவு அவர் கையில். எழுதினால் தீர்ப்பு விவரம், அதற்குப் பிறகு செய்த வேலை, எதற்காகக் கேட்கிறீர்கள் என்பதைச் சேர்த்து எழுதுங்கள். "ரொம்ப வருஷமாச்சு" என்பது மட்டும் காரணமாகாது.

கமலா_அக்கா
தொகை தாண்டியவர்களின் மனுவை எடுத்துக்கொள்வதே அபூர்வம் என்றுதான் நான் கேள்விப்பட்டது.

பழைய_குமாஸ்தா
எடுத்துக்கொண்டதாகவும் சொல்கிறார்கள். இதில் நான் அடித்துச் சொல்ல மாட்டேன். எழுதிக் கேட்பதில் நஷ்டமில்லை. இதற்கும் ஆளுக்கு 1,500 கொடுக்க வேண்டாம்.

நூர்_எஸ்
மகனுக்குக் கம்யூனிட்டி சர்வீஸ் ஆர்டர் கொடுத்தார்கள். முடித்துவிட்டான். அவனும் ஐந்து வருஷம் காத்திருக்க வேண்டுமா?

பழைய_குமாஸ்தா
வேண்டாம். அந்த ஆர்டரை ஒழுங்காக முடித்தாலே பதிவு ஸ்பென்ட் ஆகிவிடும். முடித்ததற்கான கடிதத்தைப் பத்திரமாக வையுங்கள். புரொபேஷன் என்றால் அது வேறு கதை, அதற்கு வேறு சட்டம்.

சுமதி_யீஷூன்
தாளைக் கண்டுபிடித்தேன். டிஐசி என்றுதான் போட்டிருக்கிறது. முன்னால் ஒன்றும் இல்லை என்கிறான். ஒரு சின்னக் கேள்வி: வேலை கிடைத்தால் அமெரிக்காவுக்குப் பயிற்சிக்கு அனுப்புவார்களாம். விசாவிலும் இல்லை என்று போடலாமா?

பழைய_குமாஸ்தா
அங்கே போடாதீர்கள். அமெரிக்க விசா படிவம் கைதானதுண்டா, தண்டனை பெற்றதுண்டா என்று கேட்கிறது, மன்னிப்புப் பெற்றிருந்தாலும் சொல்லச் சொல்கிறது. சிங்கப்பூர்ச் சட்டம் சிங்கப்பூருக்குள்தான். அங்கே "ஆம்" என்று எழுதி, தீர்ப்பு நகலோடு நேர்காணலுக்குப் போகச் சொல்லுங்கள். விசா கிடைக்குமா என்பது வேறு விஷயம்.