கலைச்சொல்: டாங்கிள் மாற்றினால் செய்வது 'இணைத்தல்' தானா?

நூலகத்தில் கணினி பார்ப்பவர் எழுதியது:

நண்பர்களுக்கு வணக்கம். நூலகக் கணினிகளுக்கு ஓர் உதவிக்குறிப்பு எழுத உட்கார்ந்தேன். நாலு வரி விஷயம்தான், ஒரே ஒரு சொல்லில் நின்றுபோனது.

வெள்ளையடிப்புக்காக ஒரு கணினியை நகர்த்தியபோது, கம்பியில்லா விசைப்பலகைக்காகக் கணினியில் செருகும் விரல்நகம் அளவு டாங்கிள் எங்கோ தொலைந்துவிட்டது. தப்பு என்னுடையது, கழற்றிப் பத்திரப்படுத்தவில்லை. விசைப்பலகை லாஜிடெக் கே270. கடையில் "லாஜிடெக் டாங்கிள்" என்று மட்டும் கேட்டு வாங்கி வந்தேன், அசையவில்லை. உற்றுப் பார்த்தால் அதில் மின்னல் குறி, எங்கள் விசைப்பலகையில் ஆரஞ்சு நிறத்தில் சூரியன் மாதிரி ஒரு குறி. திரும்பப் போய் ஆரஞ்சுக் குறி போட்டதை வாங்கினேன். அதுவும் செருகியதும் ஓடவில்லை. விசைப்பலகையையும் டாங்கிளையும் ஒன்றுக்கொன்று அறிமுகப்படுத்தும் பேரிங் செய்தபிறகுதான் எழுத்து விழுந்தது.

குறிப்பில் "விசைப்பலகையைப் புதிய டாங்கிளுடன் இணைக்கவும்" என்று எழுதி உடன் வேலை பார்க்கும் அக்காவிடம் சோதனைக்குக் கொடுத்தேன். அவர் டாங்கிளைக் கணினியில் செருகிவிட்டு, "இணைச்சுட்டேன் தம்பி, வேலை செய்யலையே" என்றார். அவர்மேல் குற்றமில்லை. பேரிங்குக்கு நல்ல சொல் வேண்டும். டாங்கிளுக்கும் கிடைத்தால் நல்லது.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

'இணை' என்பதற்கே சோடி என்ற பொருள் உண்டு. இணைபிரியாத என்கிறோமே. ஆகவே 'இணைசேர்த்தல்' எனலாம். புது டாங்கிளுடன் செய்வதால் 'மறு இணைசேர்ப்பு'. கணினி பழைய டாங்கிளை நினைவில் வைத்திருப்பதால்தான் புதியதை ஏற்க மறுக்கிறது என்று கருதுகிறேன். அதை மறக்கச் செய்து மீண்டும் சேர்ப்பதால் 'மறு' தேவை. டாங்கிளுக்கு 'அலைவாங்கி'.

உயிரியல் ஆசிரியை:

ஐயா மன்னிக்கணும், இணைசேர்தல் எங்கள் பாடத்தில் விலங்குகள் செய்வது. அதை நூலகத்துச் சுவரில் ஒட்டினால் பையன்கள் சும்மா விடமாட்டார்கள்.

சாதன இயக்கிகளோடு மல்லுக்கட்டும் நிரலர்:

சொல்லுக்கு முன்னால் நடப்பதைப் பார்த்துவிடலாம். ஐயா சொன்னதில் பாதி சரி. யாரோ நினைவில் வைத்திருப்பது உண்மைதான், ஆனால் அது கணினி இல்லை.

பேரிங் நடப்பது விசைப்பலகைக்கும் டாங்கிளுக்கும் இடையில். டாங்கிளுக்குள் சின்ன நினைவகம் இருக்கிறது. ஆரஞ்சுக் குறி போட்ட யூனிஃபையிங் வகையில் ஆறு சாதனங்களுக்கு இடம் உண்டு. பேரிங்கின்போது அதில் ஓர் இடத்தில் விசைப்பலகையின் அடையாளம் பதிகிறது. விசைப்பலகை அந்த டாங்கிளின் முகவரியைத் தன்னுள் எழுதிக்கொள்கிறது. தட்டும் எழுத்துகளை மறையாக்க இரண்டும் ஒரு சாவியை உருவாக்கிக்கொள்கின்றன. இதெல்லாம் ஒரே ஒரு தடவை. அதனால்தான் அதே டாங்கிளைப் பிடுங்கி வேறு கணினியில் செருகினாலும் விசைப்பலகை உடனே ஓடுகிறது. அக்கா செருகியது சரி. விசைப்பலகை இன்னும் தொலைந்துபோனதையே கூப்பிட்டுக்கொண்டிருக்கிறது, அவ்வளவுதான்.

மின்னல் குறி போட்டது போல்ட் என்ற வேறு வகை, 2021இல் வந்தது. இரண்டும் ஒரே அலைவரிசைப் பட்டையில் ஓடினாலும் பேசும் மொழி வேறு. எத்தனை தடவை முயன்றாலும் சேராது.

லினக்ஸில் செய்யும் விதம் இது. தட்டுவதற்கு ஒரு கம்பி விசைப்பலகை வேண்டும். இல்லாவிட்டால் சோலார் என்ற மென்பொருளின் சாளரத்தைத் திறந்து சுட்டியாலேயே முடிக்கலாம்.

```
lsusb | grep 046d
solaar pair
```

முதல் வரிக்கு `046d:c52b` என்று பதில் வந்தால் அது யூனிஃபையிங். இரண்டாவது வரி டாங்கிளின் கதவை முப்பது விநாடிக்குத் திறந்துவைக்கும். அதற்குள் விசைப்பலகையின் சுவிட்சை அணைத்துப் போட வேண்டும். ஏற்கெனவே போட்டிருந்தால் அப்படியே விடாதீர்கள். பலர் இங்கேதான் தவறுகிறார்கள். அணைத்துப் போடும்போதுதான் அது புதுத் துணையைத் தேடும்.

'அலைவாங்கி'யில் எனக்கு ஒரு நெருடல். அது வாங்க மட்டும் செய்யவில்லை, கேப்ஸ் லாக் நிலை போன்றவற்றை விசைப்பலகைக்கு அனுப்பவும் செய்கிறது.

யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு மொழிபெயர்ப்பாளர்:

எங்களுக்கு ஒலிவாங்கி பழகின சொல், அதனால் வாங்கி காதுக்கு உறுத்தாது. ஆங்கிலத்திலும் அதை ரிசீவர், அதாவது வாங்கி என்றுதானே சொல்லுகினம். அனுப்பவும் செய்யுது எண்டு அவையள் பேரை மாத்தேல்லை.

பேரிங்குக்கு 'சோடி சேர்த்தல்' போதும். செருப்பு, காப்பு எல்லாம் நாங்கள் சோடிதான். செருகுவதோடு ஒருத்தரும் குழம்ப மாட்டினம். ஒரு தோடு தொலைந்தால் மற்றத் தோட்டுக்குப் புதுச் சோடி தேடுவதில்லையா?

இன்னொருவர்:

நடுவில் என் பிரச்சினை. பேர் தெரியாத கம்பெனியின் விசைப்பலகையும் சுட்டியும் சேர்ந்த செட் வாங்கினேன். டாங்கிளை நாய் கடித்துவிட்டது. கணினியில் ப்ளூடூத் இருக்கிறது, அதில் தேடினால் விசைப்பலகை தெரியவே இல்லை. சோலாரிலும் ஒன்றும் வரவில்லை. என்ன செய்யலாம்?

நிரலர்:

அது ப்ளூடூத் இல்லை, அதனால் அந்தப் பட்டியலில் வராது. சோலார் லாஜிடெக் சாதனங்களுக்கானது. மலிவான செட்களைப் பெரும்பாலும் தொழிற்சாலையிலேயே சோடி சேர்த்து அனுப்பிவிடுகிறார்கள். பயனர் மாற்ற வழி வைப்பதில்லை. பெட்டியோடு வந்த தாளில் ஏதாவது விசைச்சேர்க்கை சொல்லியிருந்தால் முயன்று பாருங்கள். அப்போதும் அதே தயாரிப்பின் டாங்கிள்தான் வேண்டும். இல்லாவிட்டால் புது செட்தான். நாய்க்கு ஒன்றும் ஆகவில்லையே?

(பார்த்தீர்களா, நானே 'சோடி சேர்த்து' என்று எழுதிவிட்டேன்.)

தமிழாசிரியர்:

நினைவு டாங்கிளில் என்பது புதுச் செய்தி, நன்றி. அப்படியானால் 'மறு' என்பதும் பொருந்தாது. பழைய துணையோடு மீண்டும் சேர்ந்தால்தான் மறு. இது துணை மாற்றம். ஆனால் சோடி என்பது இலக்கணமில்லாத புழக்கச் சொல்லாக இருக்கிறதே என்று தயக்கம். 'பிணைத்தல்' கருதலாமா?

நிரலர்:

பிணை என்றால் எனக்கு ஜாமீன்தான் ஞாபகம் வருகிறது. அதோடு, ப்ளூடூத்தில் சாவியைச் சேமித்துவைத்துக்கொள்வதற்குத் தனியாக ஒரு பெயர் இருக்கிறது; அதற்குப் 'பிணைப்பு' தேவைப்படும். இங்கே செலவழித்துவிட வேண்டாம்.

'மறு' பற்றி ஐயா சொன்னது சரி. இன்னொன்றும் இருக்கிறது. பழைய டாங்கிள் நாளைக்கே அலமாரிக்குப் பின்னால் கிடைத்தால், அதன் நினைவில் இந்த விசைப்பலகையின் பெயர் அப்படியே இருக்கும், ஆனால் விசைப்பலகை புதியதோடு மட்டும்தான் பேசும். ஒருதலை நினைவு! அதை நீக்கும் கட்டளை `solaar unpair`, அதன் பின்னால் சாதனத்தின் பெயரையோ எண்ணையோ கொடுக்க வேண்டும். அதற்கும் ஒரு சொல் வேண்டும். 'சோடி பிரித்தல்' இயல்பாக வருகிறது, 'இணை'யில் வராது. 'இணைப்பு நீக்கம்' என்றால் மறுபடி கம்பியைப் பிடுங்குவார்கள்.

நூலகத்தில் கணினி பார்ப்பவர்:

எல்லோருக்கும் நன்றி. குறிப்பை இப்படி மாற்றி அக்காவிடம் கொடுத்தேன்:

"ஆரஞ்சுக் குறி உள்ள வாங்கியைக் கணினியில் செருகவும். சோலாரில் 'சோடி சேர்' என்பதைத் தொடங்கி, முப்பது விநாடிக்குள் விசைப்பலகையை அணைத்துப் போடவும்."

முதல் தடவையில் விநாடி தவறிவிட்டது, இரண்டாம் தடவை சேர்ந்துவிட்டது. செருகுவதையும் சோடி சேர்ப்பதையும் அவர் குழப்பிக்கொள்ளவில்லை. ஆனால் "வாங்கின்னா உட்காரும் பெஞ்சா தம்பி?" என்று கேட்டார். எங்கள் ஊரில் வாங்கு என்றால் பெஞ்ச். அதனால் அந்தச் சொல்லை மட்டும் இன்னும் திறந்தே வைத்திருக்கிறேன். இப்போதைக்கு அடைப்பில்லாமல் 'டாங்கிள்' என்றே போட்டுவிட்டேன்.

உயிரியல் ஆசிரியை:

மூக்குத்தி?