எண்டோஸ்கோப் கேமரா: லேப்டாப்பில் விளக்கு எரியுது, படம் இல்லை. போனில் விளக்கே இல்லை

முதுநகர் போட் எஞ்சின் (கடலூர்)
ஒரே முனையில் மைக்ரோ, டைப்-சி, சாதா யூஎஸ்பி மூணும் இருக்கிற 5 மீட்டர் கேமரா. லேப்டாப்பில் செருகினா தலையில விளக்கு எரியுது, விண்டோஸ் கேமரா ஆப்பில் லேப்டாப்போட சொந்த கேமரா மட்டும்தான் வருது. போனில் டைப்-சி வழியா செருகினா விளக்கே எரியல. கேமரா போச்சா? இதே மாதிரி பார்த்தவங்க சொல்லுங்க.

நெல்லிக்குப்பம் கம்ப்யூட்டர்
டிரைவர் பிரச்சினைதான் அண்ணே. டிவைஸ் மேனேஜரில் மஞ்சள் குறி இருக்கும். டிரைவரைத் தேடிப் போடுங்க, சரியாயிடும்.

வில்லியனூர் சர்வீஸ்
தம்பி சொன்ன மஞ்சள் குறி சரி, ஆனா எந்த டிரைவரைத் தேடுறது? முதல்ல கேமராவோட எண்ணைப் பாருங்க. டிவைஸ் மேனேஜரில் அந்தச் சாதனத்தை இரட்டைக் கிளிக் செய்து, `Details` தாவலில் `Hardware Ids` தேர்ந்தெடுங்க. லினக்ஸ்னா ஒரே வரி:

```
lsusb
```

யூவிசிங்கிறது யூஎஸ்பி கேமராக்களுக்கான பொதுத் தரம். அந்த வகைக் கேமராவுக்கு விண்டோஸ், லினக்ஸ் ரெண்டிலும் டிரைவர் உள்ளேயே இருக்கு. செருகினதும் `Cameras` பகுதியில் தானா வரும். கேமரா ஆப்பில் கேமரா மாற்றும் பொத்தானை அழுத்தினா போதும். `VID_2CE3&PID_3828`னு வந்தா கதை வேற. அது யூவிசி இல்லை. `Useeplus` மாதிரி போன் ஆப்போடு தன் சொந்த மொழியில பேசுற வகை. விளக்குக்கு வேண்டியது 5 வோல்ட் மட்டும், அதனால எரியும். விண்டோஸ் அதைக் கேமராவா ஏத்துக்காது. தெரியாத தளத்திலிருந்து டிரைவர்னு எதையும் இறக்காதீங்க.

போனில் விளக்கு எரியாதது தனிப் பிரச்சினை. ரெண்டையும் கலக்காம பாருங்க. கேபிளில் இருக்கிற வெளிச்சச் சக்கரம் குறைச்சு வச்சிருக்கான்னு முதல்ல பாருங்க. அடுத்து போன் செட்டிங்ஸ் தேடலில் `OTG`னு அடிங்க. ஓப்போ, ரியல்மி போன்களில் அதுக்குத் தனி சுவிட்ச் உண்டு. 10 நிமிஷம் எதுவும் செருகாம இருந்தா அதுவே அணைஞ்சிடும்.

ராஜ்பவன் தெரு அக்கா (புதுச்சேரி)
என்னோடதும் தெரியலைங்க, ஆனா வைஃபை மாடல். இணைஞ்சதுன்னு காட்டுது, படம் வரல.

வில்லியனூர் சர்வீஸ்
அக்கா, உங்களுக்கு கேபிள் சம்பந்தமே இல்லை. கேமராவின் வைஃபையில் இன்டர்நெட் இல்லாததால போன் மொபைல் டேட்டாவுக்குத் தாவிடும். டேட்டாவை அணைச்சுட்டு ஆப்பைத் திறந்து பாருங்க.

முதுநகர் போட் எஞ்சின்
எண் பார்த்தேன், நீங்க சொன்ன 2CE3தான். போனில் ஓடிஜி சுவிட்ச் போட்டும் விளக்கு வரல.

வில்லியனூர் சர்வீஸ்
அப்ப லேப்டாப்பை விட்டுடுங்க, அது போனில்தான் ஓடும். போனுக்கு ஒரு சின்னச் சோதனை. ஓடிஜி அடாப்டரில் ஒரு மவுஸைச் செருகுங்க. திரையில் அம்பு வந்தா போன் மின்சாரம் கொடுக்குது, குறை கேமராவின் டைப்-சி மூடியில. அதைக் கழற்றிட்டு கேமராவின் சாதா யூஎஸ்பி முனையை அதே அடாப்டரில் செருகுங்க. சார்ஜிங்குக்கு விற்கிற மைக்ரோ-டைப்-சி மாற்றியும் ஓடிஜி அடாப்டரும் பார்க்க ஒண்ணாவே இருக்கும். ஓடிஜி அடாப்டருக்குள்ள 5.1 கிலோ ஓம் ரெசிஸ்டர் சிசி முனையை எர்த்தில் கட்டியிருக்கும். அதைப் பார்த்துத்தான் போன் மின்சாரத்தை வெளியே விடும். சார்ஜிங் மாற்றியில் அந்த ஏற்பாடு இல்லை. போன் தனக்கு சார்ஜ் வரும்னு காத்துக்கிட்டே இருக்கும்.

மவுஸும் வரலைன்னா பின்கவரைக் கழற்றிச் செருகுங்க, தடிமனான கவர் முனையை முழுசா உள்ளே விடாது. அப்புறம் முனையைத் திருப்பிச் செருகுங்க. ஒரு பக்கம் மட்டும் வேலை செய்தா போன் சாக்கெட்டில் ஒரு வரிசை அரிச்சிருக்கு. துறைமுகத்து உப்புக்காத்துல பச்சை பிடிக்கிறது சகஜம். போனை அணைச்சுட்டு ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் மென்மையான பிரஷ்ஷால துடைங்க, நல்லா காஞ்ச பிறகே ஆன் பண்ணுங்க.

நெல்லிக்குப்பம் கம்ப்யூட்டர்
யூவிசி கேமராவிலும் ஆப் "சாதனம் இல்லை"ன்னு சொல்றது எதனாலங்க? விளக்கு எரியுது.

வில்லியனூர் சர்வீஸ்
ஆப்புக்கு கேமரா அனுமதி கொடுத்திருக்கான்னு பாருங்க தம்பி. வெளியே இருக்கிற கேமராதானேன்னு பலர் அதை மறுத்துடுறாங்க. ஆண்ட்ராய்டு 9-லிருந்து, புதுசா எழுதின ஆப்புகளுக்கு அந்த அனுமதி இல்லைன்னா யூஎஸ்பி கேமராவைத் தொட முடியாது. அனுமதி கொடுத்துட்டு கேபிளை எடுத்துத் திரும்பச் செருகுங்க, யூஎஸ்பி அனுமதி கேட்கும் பெட்டி வந்தா அதையும் ஏத்துக்குங்க.

முதுநகர் போட் எஞ்சின்
மவுஸ் அம்பு வந்துடுச்சு. சாதா முனையை அடாப்டரில் போட்டேன், Useeplus-ல் படம் வருது. டைப்-சி மூடிதான் குறை. ஆனா சிலிண்டருக்குள்ள விடும்போது படம் உறையுது.

வில்லியனூர் சர்வீஸ்
ஒரே இடத்தில வளைச்சா மட்டும் உறையுதா? அப்ப உள்ளே கம்பி விட்டிருக்கு. எங்க வேணாலும் உறைஞ்சா, நீண்ட கேபிளில் வோல்டேஜ் இறங்கியிருக்கலாம். வெளிச்சத்தைக் குறைச்சு, ஆப்பில் ரெசல்யூஷனை 640x480-க்கு இறக்கிப் பாருங்க. நடுவில எக்ஸ்டென்ஷன் கேபிள் போட வேண்டாம்.

முதுநகர் போட் எஞ்சின்
வெளிச்சம் குறைச்சா கொஞ்சம் நிக்குது, ஆனா கைப்பிடிக்குப் பக்கத்துல வளைச்சாலும் உறையுது. ரெண்டும் சேர்ந்திருக்கும் போல. கேபிளை வெட்டி ஒட்டினவங்க யாராவது இருக்கீங்களா?