எக்ஸர்ப்ட் பெட்டிக்குத் தமிழில் என்ன பெயர் வைப்பது?

ஹட்டன் (தொகுப்பாசிரியர்)

வணக்கம். நம் தோட்டக் கதைகளின் பட்டியல் பக்கத்தில் தலைப்புக்குக் கீழே நாலு வரி வருகிறதே, அதை எழுதும் பெட்டிக்கு 'சுருக்கம்' என்று பெயர் போட்டது நான்தான். அதுவே வினையாகிவிட்டது. சுருக்கம் என்று கண்டதும் எல்லாரும் கதையை நிஜமாகவே சுருக்கித் தந்துவிடுகிறார்கள். தராசுக் கதைக்கு வந்தது இது:

> கொழுந்து நிறுக்கும்போது சாக்குக்கும் ஈரத்துக்கும் என்று மூன்று கிலோ கழித்ததை ஒரு அம்மா எதிர்த்துக் கேட்டு, கடைசியில் முழுநாள் கூலியான முழுப்பேர் வாங்கிய கதை.

முடிவே வெளியில் வந்துவிட்டது, இனி யார் உள்ளே போவார்கள்? சரி, பெட்டியைக் காலியாக விடலாம் என்றால் வேர்ட்பிரஸ் தானாகவே முதல் 55 சொல்லை வெட்டிப் போடுகிறது. நம்மவர்களோ முதல் பத்தியில் வணக்கம் சொல்லி, இதை ஏன் எழுத வந்தோம் என்று விளக்கிவிட்டுத்தான் கதைக்கே வருவார்கள். போன வாரம் பட்டியலில் ஆறு பதிவு, ஆறிலும் வணக்கம்தான். வேறு பெயர் சொல்லுங்கள்.

பதுளை (டீச்சர்)

எக்ஸர்ப்ட் என்ற ஆங்கிலச் சொல்லின் லத்தீன் வேருக்குப் 'பறித்து எடு' என்றுதான் பொருள். நமக்கு இதைவிடப் பொருத்தம் வேறு எங்கே கிடைக்கும்? 'கொய்வு' என்று வைக்கலாம்.

மஸ்கெலியா

டீச்சர், எங்கள் மலையில் கொழுந்தை எடுப்போம், பறிப்போம், கிள்ளுவோம். கொய்ததாக யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. அது கிடக்கட்டும், எனக்கு வேறு பிரச்சினை. நான் பெட்டியில் ஒன்று எழுதினால் கூகுளில் வேறொன்று வருகிறது. பெயரை மாற்றினால் அது சரியாகுமா?

பண்டாரவளை (தளத்தைப் பார்த்துக்கொள்பவர்)

இல்லை அண்ணே, அது வேறு சமாச்சாரம். கூகுள் தேடிய சொல்லுக்கு ஏற்றபடி பக்கத்திலிருந்து தானே ஒரு வரியை எடுத்துக்கொள்ளும், நாம் எதைக் கொடுத்தாலும் கட்டாயம் இல்லை. இங்கே பேச்சு நம் பட்டியல் பக்கத்தைப் பற்றி.

டீச்சர் சொன்ன 'பறித்தது' மெஷின் செய்கிற வேலைக்குப் பொருந்தும், உள்ளே இருப்பதைத்தானே அது கிள்ளி வெளியில் வைக்கிறது. கையால் எழுதுவது அப்படி இல்லை. அந்த வரி கட்டுரைக்குள் இருக்கவே வேண்டியதில்லை. ஆகவே எனக்கு இரண்டு சொல் வேண்டும்.

தலவாக்கலை

அண்ணே, 55 சொல் தமிழுக்கு ரொம்ப அதிகம். நம் சொற்கள் நீளம், போனில் பாதித் திரையை அடைத்துவிடுகிறது. சொல்லை விட்டுவிட்டு `mb_substr` வைத்து 120 எழுத்தில் வெட்டினால் முடிந்தது.

பண்டாரவளை

அதிகம் என்பது சரி தம்பி, வைத்தியம்தான் தப்பு. 'கொழுந்து' என்பதை நாம் நாலு எழுத்தாக எண்ணுவோம், `mb_substr`க்கு அது எட்டு, ஏனென்றால் கொம்பும் புள்ளியும் அதற்குத் தனித்தனி. ஐந்தில் வெட்டினால் 'கொழுந' என்று நிற்கும், புள்ளி போய்விடும். வெறும் `substr` என்றால் இன்னும் மோசம், பைட்டுக்கு நடுவில் வெட்டிக் கேள்விக்குறிக் கட்டத்தைக் காட்டும். சொல் கணக்கையே வைத்துக்கொண்டு எண்ணிக்கையைக் குறைப்போம்:

```php
add_filter( 'excerpt_length', function () {
    return 25;
}, 999 );
```

நம் பழைய தீமில் இது தானாக வெட்டுவதற்கு மட்டும்தான், கையால் எழுதியதை இது தொடாது. யாராவது பெட்டியில் 80 சொல் எழுதினால் 80உம் வரும், அதைத் தொகுப்பாசிரியர்தான் பார்த்துக் குறைக்க வேண்டும்.

தராசுக் கதைக்கு நான் எழுதிப் பார்த்தது:

> தராசில் 19 கிலோ, துண்டுச்சீட்டில் 16. ஒரு நாளைக்கு எடுக்க வேண்டிய நோம் 18 என்பதால் அன்றைக்கு அரைப்பேர். அடுத்த நாள் அம்மா நிறுவைக்கு வந்தபோது கையில் ஒரு வெற்றுச் சாக்கு இருந்தது.

'தராசு' என்ற சொல் தலைப்பில் இருப்பதால் இங்கே முதல் சொல்லை மட்டும் மாற்றலாமா என்று யோசிக்கிறேன், தலைப்பு நேர் மேலேதானே நிற்கிறது. வெற்றுச் சாக்கு எதற்கு என்று நான் சொல்லவில்லை. ஆனால் அது உள்ளே மூன்றாவது பத்தியிலேயே வந்துவிடுகிறது, அதனால் ஏமாற்று வேலையும் இல்லை. இதற்கு 'வாசல்வரி' என்று பெயர் வைக்கலாமா?

பதுளை

வாசல்வரி என்றால் வீட்டு வாசலுக்குச் சபை போடும் வரி மாதிரி இருக்கிறது! 'தூண்டுரை' என்றால் என்ன?

ஹட்டன்

தூண்டுரை என்றால் நம் ஆட்கள் "இதைப் படித்தால் அதிர்ச்சி அடைவீர்கள்" என்று எழுத ஆரம்பித்துவிடுவார்கள் டீச்சர். சுருக்கத்தில் பட்டது போதும்.

மஸ்கெலியா

அந்த அம்மா வெற்றுச் சாக்கை எதற்குக் கொண்டுபோனார்? நிறுத்துக் காட்டவா?

ஹட்டன்

பாருங்கள், அண்ணனே கேட்டுவிட்டார். உள்ளே போய்ப் படியுங்கள். மெஷின் எடுப்பதற்குக் 'கிள்ளல்', கையால் எழுதுவதற்கு 'வாசல்வரி' என்று இப்போதைக்குப் பெட்டியில் மாற்றுகிறேன். டீச்சர் வரி கட்ட மறுக்கிறார் என்பதையும் குறித்துக்கொண்டேன்.

பதுளை

'கிள்ளல்' சரி. மற்றதற்கு இன்னும் சம்மதிக்கவில்லை, ஞாயிறுக்குள் வேறு சொல் அனுப்புகிறேன்.