அம்மாவின்ர கிளினிக் ரெக்கோர்டிங்: 14ஆவது நிமிசம்

வெள்ளவத்தைக்காரி:
அம்மாவுக்குச் சுகர் வருத்தம். கிளினிக்கில நர்ஸ் சொன்னதை அவவிட்டக் கேட்டுத்தான் போனில பதிஞ்சனான், 22 நிமிசம். அண்டைக்கு இரவே இருந்து கேட்டுக் கேட்டு எழுதி, பெரிய எழுத்தில பிரிட்ஜில ஒட்டினன். காலமை 7 மணி கிளிக்லசைட் 80, 7.30 சாப்பாடு, சாப்பிட்ட கையோட மெட்போமின் 500. இரவுக்கும் அப்பிடித்தான், கிளிக்லசைட் மட்டும் பாதி. காலமைக்கு இடியப்பம் நாலு, சொதியில தேங்காய்ப்பால் குறைச்சு, ஒரு முட்டை. மத்தியானம் கோப்பையில பாதி மரக்கறி, கால்வாசி சிவப்பரிசிச் சோறு, மிச்சம் மீனோ பருப்போ. எனக்கே பெருமையாத்தான் இருந்தது.

அடுத்த வெள்ளிக்கிழமை 9.30க்கு நான் ஒபிசில. பக்கத்து வீட்டு அக்கா கோல் எடுக்கிறா, அம்மா சாமியறை வாசலில குந்தியிருக்கிறாவாம், சட்டையெல்லாம் நனைஞ்சு வேர்க்குதாம், கை நடுங்குதாம். குத்திப் பாத்தால் சுகர் 58. குளிசையைச் சொன்ன நேரத்துக்கே போட்டிருக்கிறா. வெள்ளிக்கிழமை பூசை முடியாமல் வாயில ஒண்டும் வைக்கமாட்டா, முடிய 10 மணி தாண்டும்.

இரவு திரும்பக் கேட்டன். 14ஆவது நிமிசத்தில நர்ஸ் கேக்கிறா, "காலமை எத்தினை மணிக்கம்மா சாப்பிடுவீங்க?" அம்மா பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி, "ஏழரைக்குப் பிள்ளை." அதுக்குப் பிறகு விரதம் ஏதும் இருக்கோ எண்டும் கேக்கிறா. அந்த இடத்தில டோக்கன் நம்பர் கூப்பிடுற சத்தம், அம்மா சொன்னது கேக்கேல்லை. நான் அதை விட்டிட்டு அடுத்த வரிக்குப் போயிட்டன்.

கொட்டாஞ்சேனை ராசா:
இதுக்குத்தான் நான் இங்கிலீஸ் மருந்தை நம்புறதில்லை. சோத்தை விட்டிட்டுக் குரக்கன் பிட்டு குடுங்கோ, எவ்வளவும் சாப்பிடலாம். 58க்குக் குளிசையைக் குறைச்சால் சரி. எங்கட மாமி பாவற்காய்ச் சாறு குடிச்சே...

பழைய மருந்துக்கடைக்காரன்:
ராசா அண்ணை, குரக்கனும் மாச்சத்துத்தான். அளவில்லாமல் சாப்பிட்டால் அதுவும் ஏத்தும். பாவற்காயை இப்ப விடுவம்.

தங்கச்சி, நீங்கள் கேட்டது சரி, எழுதினதில மணி மட்டும்தான் பிழை. கிளிக்லசைட் உடம்பில இன்சுலினைச் சுரக்க வைக்கிற குளிசை, சாப்பாடு வருதோ இல்லையோ அது தன்ர வேலையைச் செய்யும். மெட்போமின் அப்பிடியில்லை, அதைத் தனியப் போட்டு சுகர் இறங்கிறது அருமை; வயித்தைப் பிரட்டும் எண்டுதான் சாப்பாட்டோட குடுக்கிறது. அதால 7 மணி எண்டதை வெட்டிப்போட்டு, "அடுப்பில இடியப்பத் தட்டு வைச்ச பிறகு" எண்டு எழுதுங்கோ. கீழ ஒரு வரி: சாப்பாடு இல்லையெண்டால் இந்தக் குளிசையும் இல்லை. அளவை நீங்களாக் குறைக்காதேங்கோ, 58 எண்டதைத் திகதியோட கொப்பியில எழுதிக்கொண்டு போனால் அவை பாத்து மாத்துவினம்.

அண்டைக்கு என்ன குடுத்தனீங்கள்?

வெள்ளவத்தைக்காரி:
அக்கா பயத்தில ஒரு சொக்லேட்டு.

பழைய மருந்துக்கடைக்காரன்:
சொக்லேட்டில கொழுப்பு இருக்கு, சீனி ரத்தத்துக்குப் போகச் சுணங்கும். மூண்டு தேக்கரண்டி சீனியைத் தண்ணியில கரைச்சுக் குடுத்து, 15 நிமிசத்தால திரும்பக் குத்திப் பாக்கவேணும். 70க்கு மேல வரேல்லையெண்டால் இன்னொருக்கா அதே அளவு. ஏறின உடன சாப்பாடு. ஆள் மயங்கிற மாதிரியெண்டால் வாயில ஒண்டும் ஊத்தாமல் ஆஸ்பத்திரிக்கு.

தெமட்டகொடை தம்பி:
நான் சொல்றது வேற கதை. வாப்பாக்கு இன்சுலின், நர்ஸ் முழுக்க சிங்களத்துலதான் பேசினாங்க. நான் போன்ல கேட்டு இரவைக்கு 16 யூனிட்னு எழுதிட்டேன். உம்மா கிளினிக் கொப்பிய எடுத்துப் பாத்தா 10. திரும்பப் போட்டுக் கேட்டேன்: அவங்க சொன்னது "தஹய", என் காதுல விழுந்தது "தஹசய". ஊசியில மருந்து ஏத்தியாச்சு அப்ப. இப்ப ரெக்கோர்டிங்ல இருந்து சாப்பாட்ட மட்டும்தான் எழுதுறேன், நம்பரெல்லாம் கொப்பியப் பாத்து.

கொட்டாஞ்சேனை ராசா:
அப்ப பதியாமலே விடலாமே?

தெமட்டகொடை தம்பி:
கொப்பியில "ஊசி போட்டு அரை மணித்தியாலத்துல சாப்பிடணும்"னு இல்லயே நானா. அது போன்லதான் இருந்திச்சு.

வெள்ளவத்தைக்காரி:
தாளை மாத்தி ஒட்டியாச்சு. கிளினிக் செவ்வாய்க்கிழமைதான். அதுக்கிடையில ஒரு வெள்ளி வருது. குளிசையைப் பிந்திப் போடுங்கோ எண்டால், "நர்ஸ் பிள்ளைக்கு ஏழரை எண்டு சொல்லிப்போட்டன், இனி எப்பிடி மாத்திச் சொல்லுறது" எண்டு கேக்கிறா. செவ்வாய்க்கிழமை நானும் உள்ளுக்குப் போறன்.