பிளாஷில் வெளுத்த முகத்துக்குத் தோல் நிறம் திரும்ப வருமா?

வணக்கம், திருகோணமலையிலிருந்து எழுதுகிறேன். கோணேசர் கோயிலடியில் பொழுதுபட்ட பிறகு போனில் பிளாஷ் போட்டு எடுத்த அம்மம்மாவின் படம் இது, நெற்றியும் மூக்கு நுனியும் சுண்ணாம்பு பூசினதுபோல வெளுத்து, திருநீற்றுக் குறிகூடத் தெரியவில்லை. வெளிச்சமான பகுதியை மட்டும் குறைத்துப் பார்த்தேன், சாம்பல் நிறமாகிவிட்டது. சிவப்பு, பச்சை, நீலம் மூன்றும் 255-இல் முட்டி நிற்பதால் அங்கே மீட்க நிறமே இல்லை.

அப்புறம் கன்னத்தில் வெளுக்காத இடத்தின் நிறத்தை எடுத்து, ஜிம்பில் புது லேயரில் பூசினேன். HSL Color மோடில் வெள்ளை வெள்ளையாகவே நின்றது, Multiply-க்கு மாற்றி லேயரின் Opacity-யைக் குறைத்ததும் நிறம் பிடித்தது. ஆனால் மாப் பூசின முகம்போல வழவழவென்று இருக்கிறது. எனக்கு அம்மம்மாவின் நெற்றிச் சுருக்கங்கள் வேண்டும். இதே முகத்தில் எந்த இடத்துத் தோலை எடுத்து ஒட்டினால் பொருந்தும்? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.