முழு எண் மூலம் அகப்படாத முப்படியும் பகுதிப் பின்னமும்: உங்கள் அனுபவம் என்ன?

பரந்தன், உயர்தர மாணவி
எங்கள் தனியார் வகுப்பின் மாதிரிப் பரீட்சையில் 23/(2x³ − x² + x − 6) என்பதைப் பகுதிப் பின்னங்களாக்கித் தொகையிடச் சொல்லியிருந்தார்கள். ±1, ±2, ±3, ±6 ஆகிய எட்டையும் பகுதியில் பிரதியிட்டேன். ஒன்றிலும் பூச்சியம் வரவில்லை. காரணியே இல்லை என்று எழுதிவிட்டு அடுத்த வினாவுக்குப் போய்விட்டேன். உங்களுக்கும் இப்படி நேர்ந்திருக்கிறதா?

முள்ளியவளை, பழைய மாணவர்
குணகங்களின் கூட்டுத்தொகை பூச்சியமானால் x − 1 ஒரு காரணி. இங்கே 2 − 1 + 1 − 6 = −4. ஆகவே இது காரணிப்படாது. வினாத்தான் பிழை, தங்கச்சி.

வவுனியா, கணித ஆசிரியர்
முதல் வசனம் சரி. அதிலிருந்து தம்பி எடுத்த முடிவு சரியல்ல. x − 1 காரணியல்ல என்பது மட்டுமே அதனால் தெரிகிறது. முதற் குணகம் 2 ஆக இருப்பதால் பின்ன மூலத்துக்கும் இடமுண்டு: சுருக்கிய வடிவில் அதன் தொகுதி 6 ஐ வகுக்க வேண்டும், பகுதி 2 ஐ வகுக்க வேண்டும். எனவே ±1/2, ±3/2 ஆகியவையும் பட்டியலில் சேரும். அவை எல்லாவற்றையும் பிரதியிட வேண்டியதில்லை. மாணவி x = 1 இல் −4 ஐயும் x = 2 இல் 8 ஐயும் பெற்றிருப்பார்; குறி மாறுவதால் இடையில் ஒரு மூலம் இருந்தே ஆக வேண்டும், அங்கே பட்டியலில் உள்ளது 3/2 மட்டுமே. பிரதியிட்டால் 27/4 − 9/4 + 3/2 − 6 = 0. ஆகவே பகுதி (2x − 3)(x² + x + 2) ஆகிறது. இருபடியின் தன்மைகாட்டி −7 என்பதால் அதற்குமேல் உடையாது. விடை 4/(2x − 3) − (2x + 5)/(x² + x + 2).

மல்லாவி, தனியார் வகுப்பு நடத்துபவர்
நான் கொடுத்த x³ − 3x + 1 இலும் இதே சிக்கல்தான், சேர். அதற்கும் 3/2 போட்டுப் பார்க்கலாமா?

வவுனியா, கணித ஆசிரியர்
அங்கே முதற் குணகமும் மாறிலியும் 1 என்பதால் ±1 மட்டுமே சோதிக்கத்தக்கவை. அவை −1, 3 ஆகியவற்றையே தருகின்றன. மெய் மூலங்கள் மூன்று உண்டு, ஆனால் மூன்றும் விகிதமுறா எண்கள். கடைசி உறுப்பு +2 ஆக இருந்திருந்தால் (x − 1)²(x + 2) என்று அழகாக வந்திருக்கும். தட்டச்சில் தவறியதோ?

மல்லாவி, தனியார் வகுப்பு நடத்துபவர்
மூலப் பிரதி என்னிடம் இப்போது இல்லை, சேர்.

பரந்தன், உயர்தர மாணவி
நன்றி, சேர். மறுபடி செய்தபோது காரணியை x − 3/2 என்று எழுதி, முன்னால் வரவேண்டிய 2 ஐ விட்டுவிட்டேன். x = 0 இட்டுச் சரிபார்த்தேன்: வினாவில் −23/6, என் விடையில் −23/3. சரியாக இரு மடங்காக இருந்ததால்தான் தொலைந்த 2 அகப்பட்டது. பூச்சியம் தராத பிரதியீடுகளையும் விடைத்தாளில் காட்ட வேண்டுமா?

முள்ளியவளை, பழைய மாணவர்
எங்கள் சேர் வேண்டாம் என்பார், பக்கத்து வகுப்புச் சேர் காட்டச் சொல்லுவார்.