கூட்டத்தில் வெளியார் இருவர் இருந்தார்கள். சுருக்கத்தை யாருக்கெல்லாம் அனுப்பலாம்?

மெரிபேங்க் செயலாளர்
வணக்கம், அவசரம். ஞாயிறு நடந்த எங்கள் சங்கத்தின் செயற்குழுக் கூட்டத்தைப் பதிவு செய்தோம். வெளியார் இருவரும் இருந்தார்கள். சுருக்கம் தயார். இன்றிரவு எட்டு மணிக்குள் உறுப்பினர் வாட்ஸாப் குழுவில் போடச் சொல்லித் தலைவர் நெருக்குகிறார். அந்த இருவரிடமும் சம்மதம் வாங்க வேண்டுமா?

சாட்ஸ்வர்த்வாசி
தாராளமாகப் போடுங்கள் தம்பி. ஒட்டுக்கேட்பதையும் பதிவு செய்வதையும் பற்றிய நம் தென்னாப்பிரிக்காவின் 2002ஆம் ஆண்டு ரிக்கா சட்டப்படி, பேச்சில் பங்குபெற்ற ஒருவர் மற்றவர்களைக் கேட்காமலே பதிவு செய்யலாம். நீங்கள் கூட்டத்தில் இருந்தீர்கள். பதிவு உங்களுடையது, சுருக்கமும் உங்களுடையது.

பீனிக்ஸ் ஆசிரியை
வெளியார் யார்? எதற்கு வந்தார்கள்? கூட்டம் நேரிலா, ஜூமிலா? வாட்ஸாப் குழுவில் எத்தனை பேர்? இவற்றைச் சொல்லாமல் யார் என்ன பதில் சொல்ல முடியும்?

டோங்காட் மூத்தவர்
தனிநபர் தகவலைக் காக்கும் சட்டமான போப்பியா பற்றி இங்கே எத்தனையோ முறை எழுதிவிட்டேன். படித்துவிட்டுக் கேட்பது நல்லது. பதில் எளிது: வந்திருந்த அத்தனை பேரிடமும் கையெழுத்திட்ட சம்மதப் படிவம் வாங்குங்கள். ஒருவர் மறுத்தாலும் சுருக்கத்தை அழித்துவிடுங்கள்.

போர்ட் லூயிஸ்காரர்
எங்கள் வீட்டில் பாட்டியின் பதினாறாம் நாள் காரியத்தை மூன்று மணி நேரம் பதிவு செய்தோம். அதைச் சுருக்கி ரீயூனியனில் இருக்கும் உறவினர்களுக்கு அனுப்ப வேண்டும். எந்த மென்பொருள் நல்லது?

பீனிக்ஸ் ஆசிரியை
ஐயா, இவர் கேட்பது வேறு. உங்களுக்குத் தனியாக ஓர் இழை தொடங்குங்கள், அங்கே சொல்கிறேன்.

மெரிபேங்க் செயலாளர்
மன்னியுங்கள் அக்கா. கூட்டம் ஜூமில்தான். செயற்குழுவில் ஏழு பேர், வாட்ஸாப் குழுவில் 63 பேர். வெளியாரில் ஒருவர் தமிழ் வகுப்புக் கூரையைப் பழுதுபார்க்க விலை சொல்ல வந்த ஒப்பந்தக்காரர். மற்றவர் ஒரு மாணவனின் தாய். சங்க உறுப்பினர் அல்லர். பையனுக்கு 11 வயது. சுருக்கத்தில் பையனின் பெயரோடு இப்படி ஒரு வரி இருக்கிறது: 'வலிப்பு வந்தால் பயணத்தின்போது மருந்து யார் கையில் இருக்கும் என்று தாய் கேட்டார்.' பதிவு நடக்கிறது என்ற அறிவிப்பை இருவரும் ஏற்றுக்கொண்டுதான் உள்ளே வந்தார்கள்.

சாட்ஸ்வர்த்வாசி
அப்புறம் என்ன? பொத்தானை அழுத்தினார்கள், அதுவே சம்மதம். மேலும் இது சிறிய சங்கம். போப்பியா பெரிய நிறுவனங்களுக்குத்தான்.

வெருலம் ஆவணக்காரி
சாட்ஸ்வர்த் அண்ணா ரிக்காவைப் பற்றிச் சொன்னது சரி. பதிவு செய்ததில் குற்றமில்லை. ஆனால் ரிக்கா பதிவு செய்யும் கணத்தோடு நின்றுவிடுகிறது. பதிவிலிருந்து எடுத்ததை யாருக்குக் கொடுக்கலாம் என்பது போப்பியாவின் கேள்வி. அந்தச் சட்டம் அமைப்பு பெரிதா சிறிதா என்று பார்ப்பதில்லை. வீட்டுக்குள் சொந்த விஷயமாகச் செய்வதை விலக்குகிறது. சங்கம் வீடு ஆகாது.

மூத்தவர் ஐயா, சம்மதம் ஒன்றுதான் வழி என்பதும் சரியில்லை. 11ஆம் பிரிவில் சம்மதம் பல வாசல்களில் ஒன்று. சங்கத்தின் நியாயமான தேவை இன்னொன்று. கூரைக்கு விலை கேட்ட கூட்டத்தின் குறிப்பைச் செயற்குழு வைத்துக்கொள்ள ஒப்பந்தக்காரரின் கையெழுத்து எதற்கு? தாயின் வரிதான் வேறு ரகம். அதில் குழந்தையும் இருக்கிறான், நோயும் இருக்கிறது. இரண்டுக்கும் சட்டத்தில் தனிக் காவல் உண்டு. 18 வயதுக்குக் கீழ் என்றால் பொதுவாகப் பெற்றோரின் முன்சம்மதம் வேண்டும்.

டோங்காட் மூத்தவர்
ஆக, படிவம் வேண்டும் என்றுதானே நானும் சொன்னேன்.

வெருலம் ஆவணக்காரி
எல்லாருக்கும் அல்ல ஐயா, அந்த ஒரு வரிக்கு. பொத்தானைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். சம்மதம் விருப்பத்தோடும், விவரம் அறிந்தும், குறிப்பிட்ட ஒன்றுக்காகவும் தரப்பட வேண்டும் என்கிறது சட்டம். அந்தத் தாய் ஏழு பேரிடம் பேசுகிறோம் என்று நினைத்து அழுத்தினார். 63 பேரின் கைப்பேசிக்குப் போகும் என்று அவரிடம் யார் சொன்னார்கள்?

சாட்ஸ்வர்த்வாசி
பெயரை எடுத்துவிட்டால் போயிற்று.

பீனிக்ஸ் ஆசிரியை
மெரிபேங்கில், ஒரே தமிழ் வகுப்பில், 11 வயதுப் பையன், வலிப்பு, கூட்டத்துக்கு வந்த தாய். இவ்வளவுக்குப் பிறகு பெயர் எதற்கு அண்ணா? என் வகுப்பில் ஒரு பிள்ளையின் நோய் இப்படித்தான் வெளியே தெரிந்தது. அவள் ஒரு தவணை முழுக்க வகுப்புக்கு வரவில்லை.

வெருலம் ஆவணக்காரி
ஆமாம். அதனால் சுருக்கத்தைப் பகுதி பகுதியாகப் பிரியுங்கள், ஒவ்வொரு பகுதியையும் தெரிந்துகொண்டு இவர் என்ன செய்யப்போகிறார் என்று கேளுங்கள். பதவியைப் பார்க்காதீர்கள். பயணத்தில் கூடப்போகும் ஆசிரியருக்கு மருந்தைப் பற்றித் தெரிந்தே ஆக வேண்டும், அவர் செயற்குழுவில் இல்லாவிட்டாலும். பொருளாளருக்கு அது தேவையே இல்லை. ஆசிரியரிடம் சொல்லலாமா என்று தாயைத் தொலைபேசியில் கேளுங்கள். அவர் சொன்னதைத் தேதியோடு எழுதி வையுங்கள்.

உறுப்பினர் பிரதியில் கூரைக்கு 'இரண்டு விலை மதிப்பீடுகள் பரிசீலிக்கப்பட்டன, முடிவு அடுத்த கூட்டத்தில்' என்று இருந்தால் போதும். தாயின் பகுதி அங்கே ஒரு சொல்லும் வேண்டாம். நம் சட்டம் நிறுவனங்களின் தகவலையும் காக்கிறது என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். ஒப்பந்தக்காரரின் விலையையும் பார்த்துக் கையாளுங்கள்.

ஒன்று கேட்க மறந்தேன். சுருக்கத்தை நீங்கள் எழுதினீர்களா, ஜூமே எழுதியதா?

மெரிபேங்க் செயலாளர்
ஜூமே எழுதியது அக்கா. இப்போதுதான் கணக்கைத் திறந்து பார்த்தேன். ஞாயிறு மாலையே அழைப்பில் இருந்த எல்லாருக்கும் மின்னஞ்சலில் போயிருக்கிறது. ஒப்பந்தக்காரருக்கும் முழுச் சுருக்கமும் போயிருக்கிறது. அவர் வருவதற்கு முன் நாங்கள் பேசிய இன்னொரு ஒப்பந்தக்காரரின் விலை, 41,000 ரேண்ட், அதில் இருக்கிறது. இவர் கேட்டது 48,000. பையனின் வரியும் இருக்கிறது. கை நடுங்குகிறது.

வெருலம் ஆவணக்காரி
பதறாதீர்கள் தம்பி. முதலில் ஜூம் அமைப்பில் சுருக்கம் கூட்டம் நடத்துபவருக்கு மட்டும் போகும்படி மாற்றுங்கள். இப்போது அழைப்புப் பட்டியல் முழுவதற்கும் போகும்படி இருக்கிறது. வராதவருக்கும், பத்து நிமிடம் மட்டும் இருந்தவருக்கும் எல்லாமே போகும். அடுத்து ஒப்பந்தக்காரரை அழைத்து அழிக்கச் சொல்லுங்கள், அழித்துவிட்டதாக ஒரு வரி எழுதி வாங்குங்கள். இன்றே தாயிடம் நீங்களே சொல்லுங்கள். 22ஆம் பிரிவின்படி அவருக்குத் தெரிவிக்க வேண்டும், தகவல் ஒழுங்காணையத்துக்கும் தெரிவிக்க வேண்டும்.

டோங்காட் மூத்தவர்
தவறாகப் போன ஒரு மின்னஞ்சலுக்கு ஆணையமா? 22ஆம் பிரிவு திருட்டுக்கும் ஊடுருவலுக்கும் எழுதப்பட்டது. சங்கத்தை வீணாக மாட்டிவிடாதீர்கள்.

வெருலம் ஆவணக்காரி
உரிமை இல்லாத ஒருவர் தகவலைப் பெற்றதாக நம்பக் காரணம் இருந்தால் என்றுதான் அந்தப் பிரிவு சொல்கிறது ஐயா. திருட்டு மட்டும் என்று அதில் இல்லை. எவ்வளவு சிறியதென்றால் விடலாம் என்றும் நான் அதில் படித்ததில்லை.

டோங்காட் மூத்தவர்
எழுத்தைப் படித்தால் போதாது, நோக்கத்தையும் படிக்க வேண்டும். நான் ஒத்துக்கொள்ளவில்லை.

பீனிக்ஸ் ஆசிரியை
அதைத் தலைவர் முடிவு செய்யட்டும். போப்பியா கேட்கும் தகவல் அதிகாரியாக யாரையும் நியமிக்காவிட்டாலும் சங்கத்தின் தலைவரே அந்தப் பொறுப்பில் இருக்கிறார். செயலாளர் தனியாகச் சுமக்க வேண்டாம். தாயிடம் சொல்வது மட்டும் நாளைக்குத் தள்ளக் கூடாது.

மெரிபேங்க் செயலாளர் (மறுநாள்)
தாயிடம் பேசிவிட்டேன். வருத்தப்பட்டார். எழுதியதை முழுதாகக் காட்டச் சொன்னார், காட்டினேன். ஆசிரியரிடம் சொல்லலாம், வேறு யாரிடமும் வேண்டாம் என்றார். ஒப்பந்தக்காரர் அழித்துவிட்டதாக எழுதிக் கொடுத்தார். காலையில் புதிய விலையும் அனுப்பியிருக்கிறார், 40,500. அதை ஏற்கலாமா என்று தெரியவில்லை. உறுப்பினர்களுக்கு நான்கு வரிப் பிரதி போய்விட்டது. ஆணையம் பற்றித் தலைவர் இன்னும் பதில் சொல்லவில்லை.